போட்டோல தொலைஞ்ச மைனஸ்: எண்கோடு, வெப்பநிலை, லிஃப்ட் கணக்குல ஒரு ஏழாவது பையனோட தப்புகளை ஆராய்ஞ்ச கதை

பின்னணி

வீட்டுல டியூஷன் எடுக்கறேன், பெரும்பாலும் ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் கணக்கு மட்டும். இதுல வர்ற பையன் ஏழாவது படிக்கறான், தமிழ் மீடியம், சமச்சீர் பாடத்திட்டம். ஆறாவதோட கடைசி பருவத்துல முழுக்கள் அறிமுகம் ஆயிடுது, அதாவது பூஜ்ஜியத்துக்கு இடது பக்கமும் எண்கள் இருக்கு, அதை எண்கோட்டுல எப்படி குறிக்கறதுன்னு. கூட்டல் கழித்தல் ஏழாவதுல முதல் பாடத்துலயே வந்துடும். ஸ்கூல் தொறந்த கொஞ்ச நாள்லயே புள்ளைங்க மாட்டிக்கற இடம் இதுதான்.

ஒரு சனிக்கிழமை அவங்க கிளாஸ் டீச்சர் கையால எழுதின ஒரு ஒர்க்‌ஷீட்டை போட்டோ எடுத்து பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்காங்க, திங்கக்கிழமை முடிச்சிட்டு வரணும்னு. பையன் தானா உக்காந்து செஞ்சான், அவங்க அம்மா குரூப்ல வந்த விடைகளோட ஒப்பிட்டு பாத்துட்டு எட்டு கணக்குல அஞ்சு தப்புன்னு எனக்கு மெசேஜ் போட்டாங்க. "மிஸ், இவனுக்கு மைனஸே சுத்தமா ஏறல, அந்த மைனஸ் மைனஸ் ப்ளஸ் ரூலை எழுதி மனப்பாடம் பண்ண வச்சிடுங்க, போன வருஷமே விட்டுட்டான் போல." கூடவே ஒர்க்‌ஷீட் போட்டோவும் வந்துச்சு.

யார் பேரும் ஊர் பேரும் இதுல போடல. அம்மாகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன்.

ஒர்க்‌ஷீட்ல என்ன இருந்துச்சு

கோடு போட்ட தாள், நீல பேனா. மேல ஒரு எண்கோடு, அதுக்கு கீழ நாலு சாதாரண கணக்கு, அப்புறம் ரெண்டு வெப்பநிலை கணக்கு, ரெண்டு லிஃப்ட் கணக்கு. டீச்சர் எழுதினது இதுதான்:

1) −3 + 7
2) 4 + (−6)
3) −2 − 5
4) −1 − (−6)
5) ஒரு மலை ஊர்ல ராத்திரி 3°செ, விடியக்காலைல 5 டிகிரி குறைஞ்சா எவ்வளவு?
6) லே நகரத்துல காலைல −2°செ, மதியம் 5°செ. எத்தனை டிகிரி கூடிச்சு?
7) தரைக்கு கீழ மூணு தளம் இருக்கற கட்டடம். லிஃப்ட் −3ல இருந்து 5ஆவது தளத்துக்கு போனா எத்தனை தளம் கடந்துச்சு?
8) லிஃப்ட் 2ஆவது தளத்துல இருக்கு. 4 தளம் கீழ போய், 7 தளம் மேல வந்து, மறுபடி 6 தளம் கீழ போகுது. இப்ப எங்க இருக்கு?

சரியான விடை வரிசையா 4, −2, −7, 5, −2, 7, 8, −1. பையன் எழுதினது 10, −2, −7, −7, −2, 25, 9, 0. மார்க்கா பாத்தா எட்டுக்கு மூணு. இந்த மார்க்கை பாத்தா அம்மா சொன்னது சரிதான்னு யாருக்குமே தோணும்.

ஆனா எனக்கு உறுத்தினது மூணாவது கணக்கு. −2 − 5ஐ −7ன்னு சரியா போட்டிருக்கான். மைனஸே புரியாத புள்ளை இதை 3ன்னு போடும், இல்ல −3ன்னு போடும், அரைகுறையா ரூல் கேட்ட புள்ளை +7ன்னு போடும். இதை சரியா செஞ்சவன் அதைவிட சுலபமான முதல் கணக்குல 10ன்னு எப்படி எழுதுவான்? அதனால போன்ல எதுவும் சொல்லாம ஞாயித்துக்கிழமை நோட்டோட அனுப்புங்கன்னு சொன்னேன், ஒர்க்‌ஷீட்டை டீச்சர் போட்ட நிலையிலேயே டாக்குமெண்டா அனுப்ப முடியுமான்னும் கேட்டேன். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது சைஸை சுருக்கித்தான் அனுப்பும், சின்ன கோடெல்லாம் அதுலதான் மங்கிப்போகும்.

போட்டோவோட தப்பா, பையனோட தப்பா

இந்த பையன்கிட்ட ஒரு நல்ல பழக்கம், கேள்வியை நோட்டுல எழுதிட்டுதான் விடை போடுவான். முதல் கணக்குல அவன் எழுதியிருந்தது 3 + 7. மைனஸே இல்ல. அதுக்கு கீழ குட்டியா ஒரு எண்கோடு போட்டு 3ல இருந்து வலது பக்கம் ஏழு தாவல் வளைச்சு வளைச்சு போட்டு 10ல நிறுத்தியிருந்தான். அவன் படிச்ச கேள்விக்கு அது நூத்துக்கு நூறு சரியான விடை.

போட்டோவை பெருசு பண்ணி பாத்தேன். டீச்சர் எடுத்தது ஸ்கேன் பண்ற ஆப்ல, அதுல கருப்பு வெள்ளை ஃபில்டர் போட்டிருக்காங்க, நிழலை எல்லாம் எடுத்துட்டு தாளை வெள்ளையா காட்டும்ல அது. தாள்ல இருந்த நீலக்கோட்டை அந்த ஃபில்டர் அழிச்சிடுச்சு, முதல் கணக்கோட மைனஸ் சரியா அந்த நீலக்கோட்டு மேலயே விழுந்திருந்ததால கோட்டோட சேர்ந்து அதுவும் போயிடுச்சு. 3க்கு முன்னாடி ஒரு புள்ளி மாதிரி ஏதோ மிச்சம் இருக்கு, அதுவும் தெரிஞ்சு தேடினாத்தான் கண்ணுல படும். மூணாவது நாலாவது கணக்கு கொஞ்சம் ஏறி எழுதினதால மைனஸ் கோட்டுக்கு மேல நின்னு தப்பிச்சிடுச்சு, ரெண்டாவதுல மைனஸ் அடைப்புக்குறிக்குள்ள இருந்ததால அது போயிருந்தாலும் அடைப்புக்குறி எதுக்குன்னு ஒரு கேள்வியாவது வந்திருக்கும். கிளாஸ்ல வேற ஒரு பையனோட அம்மா திங்கக்கிழமை தாளையே நேரா ஃபில்டர் இல்லாம எடுத்து அனுப்பினாங்க, அதுல −3ன்னு தெளிவா இருந்துச்சு. அந்த கிளாஸ்ல இன்னும் சில பேரும் 10ன்னுதான் எழுதியிருக்காங்கன்னு அப்புறம் தெரிஞ்சுச்சு.

எண்கோடும் முழுசா வரல. தாள்ல −10ல இருந்து 10 வரைக்கும் போட்டிருந்தது, போட்டோல இடது பக்கம் வெட்டுப்பட்டு −7 வரைக்கும்தான் தெரிஞ்சுச்சு, அம்புக்குறியும் இல்ல. இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா அடுத்த கணக்குல இதுக்கு வேலை இருக்கு.

25ங்கற விடை

ஆறாவது கணக்குதான் இந்த முழு விஷயத்துலயும் எனக்கு முக்கியமா பட்டது. விடை 7, இவன் எழுதினது 25. நோட்டுல கேள்வியை "காலை −20, மதியம் 5°செ"ன்னு எழுதியிருக்கான். போட்டோல பாத்தா −2° வரியோட கடைசில வருது, அதுக்கு அப்புறம் இருந்த "செ" தாள் மடிஞ்ச இடத்துல மறைஞ்சிடுச்சு, டிகிரிக்கு போடற குட்டி வட்டத்தை டீச்சர் கொஞ்சம் பெருசா இறக்கி போட்டிருக்காங்க. செ இல்லாம வெறும் வட்டம் மட்டும் நின்னா அது பூஜ்ஜியம்தான், நானும் முதல்ல −20ன்னுதான் படிச்சேன். மதியத்துக்கு போட்ட 5°செ வரிக்கு நடுவுல தெளிவா இருந்ததால அதை 50ன்னு படிக்கல.

இவனுக்கு சந்தேகம் வந்திருக்கலாமேன்னு கேட்டா, லேல ஜனவரி ராத்திரி மைனஸ் பத்துக்கு கீழ போறது சாதாரணம், அதனால −20ங்கறது அவனுக்கு வித்தியாசமா படல. தலைகுந்தால உறைபனின்னு டிசம்பர் ஜனவரில பேப்பர்ல போட்டோ வருமே, அந்த மாதிரி நம்ம ஊட்டி பக்கம்னு கேள்வில இருந்திருந்தா மைனஸ் இருபதான்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பான். எண்கோடு −10ல முடியுதுன்னு தெரிஞ்சிருந்தாலும் −20 வெளிய போகுதேன்னு சந்தேகம் வந்திருக்கும், அதுவும் வெட்டுப்பட்டு போச்சு.

இப்ப அந்த 25ஐ எப்படி போட்டான்னு கேட்டேன். "−20ல இருந்து பூஜ்ஜியத்துக்கு வர இருபது மிஸ், அப்புறம் அஞ்சு, மொத்தம் இருபத்தஞ்சு"ன்னான். யோசிக்கவே இல்ல, பட்டுனு சொன்னான். இதை கணக்கா எழுதினா 5 − (−20) = 25. அதாவது ஒரு குறை முழுவை கழிக்கறதை இவன் தப்பில்லாம செஞ்சிட்டான், அப்படி ஒண்ணை செஞ்சோம்னு அவனுக்கே தெரியாது. அதே பையன் நாலாவது கணக்குல −1 − (−6)க்கு −7ன்னு எழுதியிருக்கான். அந்த கேள்வியை நோட்டுல சரியாதான் எழுதியிருக்கான், அதனால அதுக்கு போட்டோவை குத்தம் சொல்ல முடியாது. −1ல நின்னு, கழித்தல் குறியை பாத்து இடது பக்கம் திரும்பி, ஆறு தாவி −7க்கு போயிட்டான், உள்ள இருந்த மைனஸை கண்டுக்கவே இல்ல.

ஆக ஒரே செயல், வெப்பநிலையா வந்தா தெரியுது, குறியா எழுதினா தெரியல.

லிஃப்ட் கணக்கு ரெண்டும்

லிஃப்ட் கணக்கோட ஒரு வசதி என்னன்னா, தப்பு விடையே எங்க தப்புன்னு சொல்லிடும். −3ல இருந்து 5க்கு போறதுக்கு 2ன்னு எழுதினா குறியை விட்டுட்டு 5ல 3 போக 2ன்னு கழிச்சிருக்காங்க. 7ன்னு எழுதினா பெரும்பாலும் தரைத்தளத்தை எண்ணாம தாண்டிட்டாங்க, அதாவது −1க்கு அடுத்து நேரா 1. 9ன்னு எழுதினா நிக்கற தளத்தையும் ஒண்ணுன்னு எண்ணியிருக்காங்க. இவன் எழுதினது 9.

எட்டாவது கணக்குல அது உறுதியாச்சு. ஓரத்துல −1, 5, 0ன்னு எழுதி வச்சிருந்தான், சரியான வழி −2, 5, −1. ரெண்டாவது தளத்துல இருந்து நாலு கீழன்னா இவன் 2, 1, 0, −1ன்னு நாலு எண்ணி −1ல நின்னுட்டான். அங்க இருந்து ஏழு மேல, −1ஐயும் சேர்த்து எண்ணி 5க்கு வந்தான். நடுவுல வர்ற 5 சரியான விடையோட ஒத்துப்போறதை கவனிங்க, கீழ போறப்ப ஒண்ணு குறைச்சு போனான், மேல வர்றப்ப ஒண்ணு குறைச்சு வந்தான், ரெண்டும் அடிபட்டுடுச்சு. நடுவுல மட்டும் பாத்த யாரும் ஓகே சரியாதான் வர்றான், கடைசில கவனக்குறைவுன்னு சொல்லிட்டு போயிருப்பாங்க. பூஜ்ஜியத்தை தாண்டற புள்ளையா இருந்தா இதே கணக்குல −3, 5, −2ன்னு வந்திருக்கும், கடைசி விடை அந்த பக்கம் ஒண்ணு தள்ளிப்போகும். 0 வந்தா ஒரு வியாதி, −2 வந்தா வேற வியாதி.

ஆனா முதல் கணக்குல இவன் தாவல் போட்டது சரி, நிக்கற புள்ளியை எண்ணல. எண்கோட்டுல எண்ணாதவன் லிஃப்ட்ல ஏன் எண்ணறான்? நோட்டை பாத்ததும் புரிஞ்சுச்சு. லிஃப்ட் கணக்குக்கு எண்கோடு போடல, கட்டடம் வரைஞ்சிருக்கான். ஒண்ணு மேல ஒண்ணா ஒன்பது கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் −3, −2ன்னு 5 வரைக்கும். கட்டத்தை எண்ணினா ஒன்பதுதான் வரும், −3ல இருந்து 5 வரைக்கும் ஒன்பது தளம் இருக்கறது உண்மைதானே. எண்கோட்டுல எண் ஒரு புள்ளி, நாம எண்றது ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கற இடைவெளியை. கட்டடம் வரைஞ்சா எண் ஒரு அறை ஆயிடுது, அறையைத்தான் எண்ணத் தோணும்.

கேள்வில "கடந்துச்சு"ன்னு இருந்ததும் உதவி பண்ணல, நடுவுல கடந்த தளம்னு கறாரா எடுத்தா −2ல இருந்து 4 வரைக்கும் ஏழுதான். டீச்சர் எதிர்பார்த்தது எட்டு.

என்ன முடிவு எடுத்தேன், ஏன்

எட்டுல அஞ்சு தப்புன்னு வந்தது இப்ப இப்படி பிரிஞ்சுச்சு: முதலாவதும் ஆறாவதும் போட்டோவோட தப்பு, நாலாவது உண்மையான தப்பு, ஏழும் எட்டும் ஒரே தப்பு ரெண்டு தடவை. ஆக சரி பண்ண வேண்டியது ரெண்டே ரெண்டு.

அம்மாவுக்கு போன் பண்ணி மைனஸ் மைனஸ் ப்ளஸ் ரூலை இப்ப வேண்டாம்ங்கன்னு சொன்னேன். அவங்களுக்கு அது பிடிக்கல, நாங்கல்லாம் அப்படித்தானே மிஸ் படிச்சோம்னாங்க. நியாயமான கேள்விதான், அந்த ரூல் தப்பு இல்ல, ஆனா அது எங்க பொருந்தும்னு தெரியாம வெறும் வாசகமா போனா என்ன ஆகும்னா −2 − 5லயும் ரெண்டு மைனஸ் இருக்கு, புள்ளை அதை +7ன்னு மாத்திடும். அந்த ரூல் ரெண்டு மைனஸ் நடுவுல வேற எண் இல்லாம அடுத்தடுத்து நிக்கறப்பதான். பெருக்கல்லயும் இதே வாசகம் வேற அர்த்தத்துல வரப்போகுது. இன்னைக்கு சரியா செய்யற மூணாவது கணக்கை கெடுத்துட்டு நாலாவதை சரி பண்றது எனக்கு லாபமா தெரியல.

அதுக்கு பதிலா அவன் போட்ட 25லயே ஆரம்பிக்கலாம்னு முடிவு பண்ணேன். லிஃப்டுக்கு கட்டடம் வரையறதை நிறுத்தி நெட்டுக்குத்தா எண்கோடு போட வைக்கறது ரெண்டாவது முடிவு.

பாடம் எடுத்த விதம்

முதல்ல மூணு வெப்பநிலை கணக்கு வாயால கேட்டேன். காலைல −2, மதியம் 5, எவ்வளவு கூடிச்சு? ஏழுன்னான். காலைல 3, மதியம் 9? ஆறு. காலைல −6, மதியம் −1? கொஞ்சம் நிறுத்தி, விரலை மேஜை மேல நகத்தி பாத்துட்டு அஞ்சுன்னான்.

இப்ப அந்த மூணையும் அவன் எதிர்லயே கணக்கா எழுதினேன். மதியம் கழித்தல் காலை. நடுவுல இருக்கற 9 − 3 = 6ஐ முதல்ல, அதுல யாருக்கும் சண்டை இல்ல. அடுத்து 5 − (−2) = 7. கடைசியா −1 − (−6) = 5. எழுதி முடிச்சதும் அவனே "மிஸ் இது அந்த நாலாவது கணக்கு"ன்னான். ஆமா கண்ணா, அதேதான். −6ல இருந்து −1க்கு எந்த பக்கம் போகணும், எத்தனை போகணும்னுதான் அது கேக்குது, வலது பக்கம் அஞ்சு.

இதுல ஒரு வரைமுறை இருக்கு, சொல்லிடறேன். எண்கோட்டுல கழித்தலுக்கு ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, முதல் எண்ல நின்னு கழிக்கச் சொன்னா திரும்பி நடக்கறது, குறை எண்ணை கழிக்கச் சொன்னா மறுபடி திரும்பி நடக்கறது. இன்னொண்ணு, ரெண்டாவது எண்ல இருந்து முதல் எண்ணுக்கு போற பயணத்தை பாக்கறது. ஸ்கூல்ல பெரும்பாலும் முதல் வழிதான், திரும்பி மறுபடி திரும்பறப்ப நிறைய புள்ளைங்க ஒரு திரும்பலை மறந்துடும், இவனும் அதைத்தான் மறந்தான். நான் எடுத்த ரெண்டாவது வழி கழித்தலுக்கு மட்டும்தான் உதவும், கூட்டலுக்கு வராது, 4 + (−6)க்கு நின்ன இடத்துல இருந்து இடது பக்கம் ஆறு நடந்தே ஆகணும். ரெண்டையும் ஒரே நாள்ல கொடுத்தா குழம்பும். இவன் கூட்டல்ல ஏற்கனவே உறுதியா இருந்ததால துணிஞ்சு கொடுத்தேன், இல்லைன்னா கொடுத்திருக்க மாட்டேன்.

லிஃப்டுக்கு, தாளை நிமித்தி வச்சு மேலயும் கீழயும் ஒரு கோடு, நடுவுல 0, அதுக்கு பக்கத்துல தரைன்னு எழுதச் சொன்னேன். கட்டம் கூடாது, கோட்டுல குறுக்கு கீறல் மட்டும், அதுதான் நாம நிக்கற தரைன்னு வச்சுக்க. லிஃப்டுக்குள்ள நின்னுகிட்டு கதவுக்கு மேல சிவப்பு எழுத்துல ஓடற நம்பரை பாக்கறன்னு நினைச்சுக்க, −3ல கதவு மூடுது, 5 வர்றவரைக்கும் அந்த நம்பர் எத்தனை தடவை மாறும்? விரல் விட்டான்: −2, −1, 0, 1, 2, 3, 4, 5. எட்டு. "ஆனா மிஸ் மால்ல பி3, பி2ன்னுதான வரும்"னான். அதுவும் சரி, பி2ங்கறதுதான் −2, ஜின்னு வர்றதுதான் பூஜ்ஜியம்னு எண்கோட்டுக்கு மறுபக்கம் அதையும் எழுதிக்கிட்டான். அந்த ஜியை எழுதினது நல்லதா போச்சு, ஏன்னா நம்ம ஊர்ல தரைத்தளத்துக்கு மேல இருக்கறதுதான் முதல் தளம், எண்கோட்டோட பொருந்துது. அமெரிக்கால தரைல இருக்கறதையே முதல் தளம்னு சொல்ற வழக்கம் உண்டு, அந்த மாதிரி கட்டடத்துல பூஜ்ஜியமே இருக்காது, அங்க வந்த வீடியோ பாத்து படிக்கற புள்ளைங்க இதுல தடுமாறும்.

எட்டாவது கணக்கை மறுபடி செய்யச் சொன்னப்ப முதல் தடவை பழையபடி −1ல நின்னான். படிக்கட்டுல நிக்கறப்ப நிக்கற படியை ஏறினதா எண்ணுவியான்னு கேட்டேன், சிரிச்சிட்டு அழிச்சிட்டு −2 போட்டான். அதுக்கப்புறம் 5, −1.

அப்புறம் என்ன ஆச்சு

அடுத்த வகுப்புல எண்களை மாத்தி கொடுத்தேன், எந்த தப்பு செஞ்சாலும் விடைலயே தெரியற மாதிரி. லிஃப்ட் 3ஆவது தளம், 5 கீழ, 8 மேல, 7 கீழ. சரியா எண்ணினா −2, 6, −1. நிக்கற தளத்தை எண்ணினா 0ல முடியும், பூஜ்ஜியத்தை தாண்டினா −2ல முடியும். −1ன்னு எழுதினான், ஓரத்துல −2, 6ன்னு நடு எண்களும் சரி. −4ல இருந்து 6க்கு பத்து. −3 − (−8) கொடுத்ததுக்கு பக்கத்துல குட்டியா "−8 → −3"ன்னு எழுதி 5 போட்டிருந்தான்.

நடுவுல ஒரு சறுக்கல். வீட்டுக்கு வந்த சித்தப்பா பாத்துட்டு என்னடா இதுக்கு போய் கோடு போட்டுகிட்டு இருக்கன்னு அந்த ரூலை சொல்லிக் கொடுத்துட்டாரு. ஸ்கூல் டெஸ்ட்ல −4 − 3க்கு 7ன்னு எழுதிட்டு வந்தான். எதிர்பார்த்ததுதான், ஆனா இவ்வளவு சீக்கிரமா வரும்னு நினைக்கல. ரூலை மறந்துடுன்னு சொல்ல முடியாது, தலைல ஏறினது ஏறினதுதான். அதனால −4 − 3, −4 − (−3) ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, எதுல மைனஸ் ரெண்டும் ஒட்டி நிக்குதுன்னு வட்டம் போடச் சொன்னேன், வட்டம் விழற இடத்துல மட்டும்தான் சித்தப்பா சொன்னது. இன்னொண்ணும் சொன்னேன், விடை எழுதினதும் −4ல நின்னு எந்த பக்கம் போயிருக்கணும்னு ஒரு தடவை கையை காட்டு. இடது பக்கம் காட்டிட்டு 7ன்னு எழுத முடியாது, கை அங்க இருக்கு, 7 இங்க இருக்கு. அது பிடிச்சுக்கிச்சு.

இன்னும் சரியாகாத ஒண்ணு இருக்கு. வெப்பநிலை −1ல இருந்து −9க்கு போச்சு, எவ்வளவு குறைஞ்சதுன்னு கேட்டா "−8 டிகிரி குறைஞ்சது"ன்னு எழுதறான். மாற்றம் எவ்வளவுன்னு கேட்டா −8 சரி, குறைஞ்சது எவ்வளவுன்னு கேட்டா 8தான், குறைஞ்சதுன்னு சொன்னதுலயே அந்த மைனஸ் வந்துடுச்சு. இதுக்கு ஸ்கூல்ல மார்க் குறைக்கல, அதனால அவனுக்கு அவசரமும் இல்ல. பெருக்கல் முடிஞ்சதும் இதுக்கு திரும்ப வரணும்.

இனிமே மாத்திக்கறது

முதல்ல எங்கிட்ட வர்ற எல்லா புள்ளைங்களுக்கும் கேள்வியை நோட்டுல எழுதாம விடை எழுதக்கூடாதுன்னு வச்சுட்டேன். கை வலிக்குதுன்னு முனகறாங்க. ஆனா இந்த பையன் வெறும் விடையை மட்டும் எழுதியிருந்தா 10ம் 25ம் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு தெரிஞ்சே இருக்காது, ரெண்டு வாரம் கூட்டலையே முதல்ல இருந்து எடுத்துட்டு இருந்திருப்பேன்.

நான் கையால எழுதற ஒர்க்‌ஷீட் எல்லாம் இப்ப கோடு போடாத தாள்ல. முதல்ல வர்ற குறை எண்ணுக்கும் அடைப்புக்குறி, அதாவது (−3) + 7. புத்தகத்துல முதல் எண்ணுக்கு அடைப்பு பெரும்பாலும் போட மாட்டாங்க, போட வேண்டிய அவசியமும் இல்ல, ஆனா போட்டோல மைனஸ் அழிஞ்சா வெறும் (3)ன்னு நிக்கும், புள்ளை வந்து கேக்கும். டிகிரிக்கு வட்டம் போடறதில்ல, "(−2) டிகிரி"ன்னு எழுத்துலயே எழுதிடறேன். கேள்வி எண்ணுக்கு வட்டம் போடறேன், ஏன்னா சில பேர் 5 போட்டு பக்கத்துல கோடு இழுப்பாங்க, அந்த கோடே அடுத்த எண்ணோட மைனஸா ஆயிடும். எண்கோட்டை தாளோட ஓரத்துல இருந்து ரெண்டு விரல் உள்ள தள்ளி போடறேன், வெட்டுப்பட்டாலும் அம்புக்குறி வரைக்கும் வரணும். போட்டோ எடுக்கறப்ப ஃபில்டர் வேண்டாம், பகல் வெளிச்சத்துல நேர் மேல இருந்து எடுத்து டாக்குமெண்டா அனுப்பினா போதும்.

லிஃப்ட் கேள்விய "எத்தனை தளம் கடந்துச்சு"ன்னு கேக்கறதை விட்டுட்டு "எத்தனை தளம் மேல ஏறிச்சு"ன்னு கேக்கறேன். அதுக்கும் 9ன்னு எழுதற புள்ளை இருக்கும், அப்ப அது உண்மையாவே எண்ணறதுல இருக்கற தப்பு, கேள்வியோட தப்பு இல்ல.

ஸ்கூல் டீச்சர்கிட்ட அம்மா இதை சொல்லியிருக்காங்க, போட்டோவை காட்டியே. டீச்சர் முதல் கணக்குக்கும் ஆறாவதுக்கும் படிச்ச கேள்விக்கு சரியா செஞ்ச எல்லாருக்கும் மார்க் கொடுத்துட்டாங்க. அடுத்த ஒர்க்‌ஷீட் டைப் பண்ணி வந்துச்சு, அதுல மைனஸ் ஒரு வரியோட கடைசிலயும் எண் அடுத்த வரிலயுமா உடைஞ்சு நின்னுச்சு.